இடக்கைச் சுளகு

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகையும் வெளிவந்தது. ஊர்ச் செய்திகளை எழுதுவது, மெய்ப்புத் திருத்துவது, எப்போதாவது படம் வந்தால் அதன் அடியில் போடும் வரியை எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. ஐரோப்பிய யுத்தத்துக்கு முந்திய அந்த ஆண்டுகளில் படம் என்பது பெரிய காரியம். படத்தை அச்சில் ஏற்றும் உலோகத் தகடான பிளாக் செய்யச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வருவதற்குள் செய்தி பழையதாகிவிடும். ஆகவே, படம் வைத்திருப்பவரைவிடப் படத்துக்கு வரி எழுதுபவன் அதிகம் பயப்படுவான். படம் பொய் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வரி பொய் சொன்னால் பத்திரிகாலயத்து வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

எனக்குப் பழக்கமான போட்டோக்காரர் ஒருவர் அதே தெருவில் கடை வைத்திருந்தார். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவர். மிஷன் பள்ளியில் படித்தவர். வடக்குப் பக்கக் கூரையில் கண்ணாடி ஓடு பதித்து, அந்த வெளிச்சத்தில் ஆட்களை உட்கார வைத்துப் படம் எடுப்பார். அவர் கடைச் சுவரில் இரண்டு வகைப் படங்கள்தான் தொங்கின. ஒன்று, கல்யாணம் முடிந்து விறைத்துப்போய் நிற்கும் தம்பதிகள். மற்றது, நாற்காலியில் சாய்த்து உட்கார வைக்கப்பட்ட இறந்தவர்கள். முகத்தை மட்டும் பார்த்தால் சில படங்களில் எது எந்த வகை என்று சொல்ல முடியாது. இதை நான் சொன்னால் அவருக்குக் கோபம் வராது, சிரிப்பார். ஆனால் சிரித்துவிட்டு ஒன்று சொல்வார்.

"என் படம் ஒண்ணாவது பொஸ்தகத்துல வரணும்வே. சாவும் கல்யாணமும் இல்லாம வேற ஏதாவது."

அந்த வாய்ப்பு வந்தது. ஜில்லாவில் விவசாய, கைத்தொழில் கண்காட்சி ஒன்று நடத்துவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே ஒரு சிறு நூல் போட வேண்டும். தாமிரபரணிக் கரையிலும் தெற்கே பனங்காட்டிலும் முடையப்படும் கூடை, பெட்டி, தானியம் புடைக்கும் முறமான சுளகு, பாய் ஆகியவற்றின் படங்களும் அவற்றைப் பற்றிய குறிப்புகளும் அதில் இருக்க வேண்டும். நூலை அச்சடிப்பது எங்கள் அச்சகம். படம் எடுப்பது நம்மவர். அம்பாசமுத்திரத்துக்கு ரயிலிலும், ராதாபுரத்துக்கு மாட்டு வண்டியிலும், கடற்கரைப் பக்கம் நடந்தும் போய், படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் அடுக்கிய பெட்டியோடு சுற்றிவிட்டு வந்தார். முகம் கறுத்துத் திரும்பினார். மகிழ்ச்சியாகவே திரும்பினார்.

தட்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறு காகிதத் துண்டு ஒட்டி, அதில் பென்சிலால் பொருளின் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தார். ஒட்டியது கஞ்சிப் பசையால். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. அலமாரியைத் திறந்தபோது கரப்பான் பூச்சிகள் பசையையும் காகிதத்தையும் சேர்த்துத் தின்றிருந்தன. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துகள்தான் போய்விட்டன. படமெடுத்த பொருள்களோ அந்தந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் எப்போதோ திரும்பிப் போய்விட்டன.

அவர் கலங்கவில்லை. எல்லாத் தட்டுகளிலிருந்தும் வெயிலில் காட்டித் தாளில் படம் போட்டு, நினைவிலிருந்து பின்பக்கம் பெயர் எழுதி, ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். முப்பதுக்கு மேல் இருக்கும். நான் வரிகளை அமைக்கத் தொடங்கிய அன்றே கண்காட்சியை மேற்பார்க்கும் டெபுடி தாசில்தார் அச்சகத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார். கட்டிலிருந்து ஒரு படத்தை உருவி, பின்பக்கம் படித்தார்: 'மூங்கில் சுளகு, அம்பாசமுத்திரம்.' முன்பக்கம் திருப்பினார். ஜன்னலருகே போய்க் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கணு எங்கே இருக்கு?"

போட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மூங்கில்னா பிளந்த சிம்புக்குச் சிம்பு குறுக்கே கணு விழுந்திருக்கும். இது பனை மட்டை நாரு. எங்க வீட்டுலயே கிடக்கு." படத்தை மேஜையில் வைத்தார். "ஒரு வரி தப்புன்னா மிச்ச வரியையும் எப்படி நம்புறது? வெள்ளிக்கிழமை வாறேன். எல்லாத்தையும் சரி பண்ணி வையும். ஒண்ணுல சந்தேகம் வந்தாலும் இந்தப் படங்களே வேண்டாம். சித்திரம் எழுதுதவரை வச்சு வரைஞ்சுக்கிடுவோம்."

அவர் போன பிறகு போட்டோக்காரர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலிருந்து இன்னொரு சுளகின் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு சுளகு எடுத்தேன்வே. ஒண்ணு ராதாபுரத்துல, ஒண்ணு அம்பாசமுத்திரத்துல. ரெண்டும் வேற வேறன்னு உமக்கே தெரியுதுல்லா?"

தெரிந்தது. சுளகு இரண்டு மேல், இரண்டு கீழ் என்று முடையப்படுவது. ஒவ்வொரு வரிசையும் ஒரு நார் தள்ளிப் போவதால் படிக்கட்டுப் போன்ற சாய்கோடுகள் உண்டாகும். அகன்ற வாய் கீழே, குறுகிய பின்புறம் மேலே என்று இரண்டு சுளகுகளும் ஒரே மாதிரிதான் சுவரில் சாய்ந்திருந்தன. ஒன்றில் சாய்கோடுகள் இடமிருந்து வலமாக மேலே ஏறின. மற்றதில் வலமிருந்து இடமாக ஏறின. வலப்பக்கம் ஏறுவதை ராதாபுரத்துப் பனை நார் என்றும், இடப்பக்கம் ஏறுவதை அம்பாசமுத்திரத்து மூங்கில் என்றும் அவர் எழுதியிருந்தார். தாசில்தாரிடம் மாட்டியது இரண்டாவது.

ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காரர் கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். திருநெல்வேலியில் என் வீட்டிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி நடந்த அந்தக் காலை இன்னும் நினைவில் நிற்கிறது. ஆற்றில் செம்மண் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. படித்துறைப் படிகளில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தன. கையில் அச்சகத்தின் பூதக் கண்ணாடி. பிளாக்கில் புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வைத்திருந்தது அது. அதைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன்.

கடைக்குப் பின்னால் அவர் குடியிருப்பு. கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் தரையில் படங்களைப் பரப்பினோம். கவனமாகப் பார்க்கப் பார்க்க, எங்கே தவறு நேர்ந்தது என்பது புரிந்தது. நடுப்பகல் வெயிலில் எடுத்த படங்களில் முடைச்சலே தெரியவில்லை. பொருள் வெறும் சாம்பல் வட்டமாக இருந்தது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் அடிக்கும்போது எடுத்தவற்றில்தான் ஒவ்வொரு நாரும் தன் நிழலைப் பக்கத்து நாரின்மேல் போட்டிருந்தது. அவற்றை ஒரு பக்கம் பிரித்து வைத்தோம். நல்ல வேளையாக அவை அதிகம்.

அவர் மனைவி ராதாபுரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அடுக்களையில் வேலையை முடித்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு பேரும் தலையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கியோ. எல்லாம் பனைதான்."

"எல்லாம் பனைன்னா, மதினி, ஒரே வரியிலே பொஸ்தகத்தை முடிச்சிரலாம்," என்றேன்.

"முடியுங்க. பனங்காட்டுல பிறந்தவளுக்குப் பனை தெரியாதா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டி வகைகளில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஓலைப் பெட்டியில் இரண்டு திசை ஓலையும் ஒரே அகலம்; பக்கங்களில் அவை குறுக்கு மறுக்காகச் சாய்ந்து ஓடும்; அடிப்பாகம் சதுரம், வாய் வட்டம். நான்கு மூலைகள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. மூங்கில் கூடை அப்படியல்ல. அடியிலிருந்து நின்று எழும்பும் சிம்புகள், அவற்றுக்கிடையே உள்ளும் வெளியும் நுழைந்து சுற்றிச் சுற்றிப் போகும் வளைவுச் சிம்புகள். மூலை கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கொண்டே பாதிப் படங்களைப் பிரித்துவிட்டோம்.

பாய்களுக்கு வந்தபோது தச்சநல்லூர் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கூடை, பாய் எல்லாம் மொத்தமாக வாங்கி விற்பவர். போட்டோக்காரர் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் உட்காருவதற்கு முன்பே ஒரு படத்தைச் சுட்டினார்.

"அது மூங்கில் கூடை. எருக் கூடை. மாசத்துக்கு எத்தனை வண்டி போகுதுன்னு நினைக்குதிய?"

நான் பூதக் கண்ணாடியை அதன்மேல் வைத்தேன். அவர் மூங்கில் என்றது பிளந்த சிம்பு அல்ல, முழுக் குச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருந்தன. உருண்டைக்குத்தான் அப்படி விழும், பட்டைக்கு விழாது. அங்கங்கே கிளை முறிந்த முண்டுகள். கணு போல் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் கோடு ஒன்றுகூட இல்லை.

"அண்ணாச்சி, இது மிளாறு மாதிரில்லா தெரியுது."

அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "புளிய மிளாறுதான். கவுத்து வச்சு எடுத்திருக்கியோ. பஞ்சாரமில்லா இது?"

"கோழியையும் உள்ள வச்சு எடுத்திருந்தா அண்ணாச்சிக்குச் சந்தேகமே வந்திருக்காது," என்றார் வீட்டம்மா.

"கோழி இருந்தா நான் படத்தைப் பார்க்கவே மாட்டேன் தாயி, கோழியைத்தான் பார்ப்பேன்."

அவருக்கும் வீட்டம்மாவுக்கும் அந்த ஒரு மணி நேரம் பேச்சுப் போட்டிதான். அடுத்த படம் கடற்கரைப் பக்கத்துப் பாய். அகன்ற பட்டைகள் சாய்வாக முடைந்தது. வீட்டம்மா அதையும் பனை என்றார். அண்ணாச்சி பாயின் ஒரு மூலையைக் காட்டினார். மூலை மடங்கித் தரையில் கிடந்தது.

"பனையோலைப் பாயை இப்படி மடக்கினா மடிப்புல கோடு விழும், ரெண்டு மூணு இடத்துல ஒடஞ்சும் போகும். இது துணி மாதிரி மடங்கிக் கிடக்கு. தாழை."

வீட்டம்மா படத்தைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மறுபடி தரையில் வைத்தார். "சரி. இது ஒண்ணு உங்களுக்கு."

மற்றொரு பாயில் சாய்வே இல்லை. மெல்லிய கோடுகள் ஒரே திசையில், அச்சு எழுத்து வரிகள் போல நெருக்கமாக ஓடின. அவற்றை நிச்சயமான இடைவெளியில் நூல்கள் குறுக்கே வெட்டின. தறியில் பாவு நூல் இழுத்துக் கோரையை ஊடாகச் செருகி அடித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கோரை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பாயின் இரு கரைகளிலும் கறுப்புப் பட்டைகள். அண்ணாச்சி, கறுப்புச் சாயம் போட்ட கோரை என்றே எழுதச் சொன்னார். நான் பென்சிலை எடுத்துவிட்டேன்.

"கல்யாண வீட்டுல இருந்து இரவல் வாங்கி வந்த பாய்தான இது?" வீட்டம்மா கணவரிடம் கேட்டார். "கல்யாண வீட்டுல கறுப்புப் பாய் விரிப்பாவளா?"

போட்டோக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சிவப்பு. இந்தத் தட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாத்தான் விழும். சிவப்புச் சேலை கட்டுன பொண்ணுங்க எல்லாரும் என் படத்துல கறுப்புச் சேலையிலதான் நிக்காவ. அதுக்கு எத்தனை பேர் வந்து சண்டை போட்டிருக்காவ."

அந்த வரியைச் சிவப்புக் கரை என்று எழுதினேன். இதிலிருந்து ஒரு விதியும் செய்துகொண்டோம்: நிறத்தை நம்பி எந்த வரியும் எழுதுவதில்லை; முடைச்சல், கணு, மடிப்பு, விளிம்பு ஆகியவற்றை மட்டுமே நம்புவது.

கடைசியாக மிஞ்சியவை சுளகுகள் இரண்டும். அவற்றை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தோம். அண்ணாச்சி இரண்டையும் இரு கைகளிலும் பிடித்து, ஆள் ஒருவரின் இரண்டு கன்னங்களைப் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல என்ன குழப்பம்? இது சோத்துக் கைக்காரன் செஞ்சது. இது இடக்கைக்காரன் செஞ்சது. அவன் இடப்பக்கமிருந்து தொடங்குவான், சாய்வும் மாறி விழும். அம்பாசமுத்திரத்துல ஆத்துக்கு அந்தாண்டத் தெருவுல ஒருத்தர் அப்படி இருக்காரு. அவர் சுளகு எங்கிட்ட வரும்."

போட்டோக்காரரின் முகம் மலர்ந்தது. இடக்கைச் சுளகு என்று ஒரு வரி, அதற்குக் கீழே தம் பெயர். அந்தக் கண்காட்சி நூலில் வேறு யாரிடமும் இருக்கப்போவதில்லை. "எழுதும்வே," என்றார்.

நான் எழுதவில்லை. தாசில்தார் கேட்ட கேள்விதான் முதலில் மனத்தில் நின்றது. கணு எங்கே? இரண்டு படங்களிலும் பூதக் கண்ணாடியை ஓட்டினேன். இரண்டிலும் கணு இல்லை. நார்களின் முனைகளில் மயிர் போன்ற பிசிறுகள் மட்டும். இரண்டுமே பனை நார். அப்படியானால் இடக்கைக்காரரின் மூங்கில் சுளகு எது? மறுபடியும் ஓட்டினேன். வலச்சாய்வுச் சுளகில், இடப்பக்க விளிம்பிலிருந்து மூன்றாவது நார் அறுந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது. இடச்சாய்வுச் சுளகில், வலப்பக்க விளிம்பிலிருந்து மூன்றாவது நார் அறுந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது. முடிச்சும் அதே முடிச்சு. நூலின் ஒரு நுனி சற்று நீண்டு தொங்கியதும் அப்படியே, பக்கம் மாறி.

பூதக் கண்ணாடியைப் போட்டோக்காரரிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. செய்தி சேகரிக்கப் போகும் இடத்தில் நாம் முந்திச் சொன்னால் எதிராளி அதையே பார்ப்பார் என்பது எனக்குப் பழகிப்போன ஜாக்கிரதை. அவரே பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தரையில் வைத்தார்.

"ஒரே சுளகு," என்றார். "அந்தத் தட்டையே ரெண்டாவது தடவை திருப்பிப் போட்டுப் படம் போட்டிருக்கேன்."

அவர் எழுந்து போய்த் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். சுளகுத் தட்டு ஒன்றுதான் இருந்தது. மருந்து பூசிய பக்கம் தாளைத் தொட வேண்டும். அவசரத்தில் கண்ணாடிப் பக்கம் தாளைத் தொட வைத்திருக்கிறார். அதனால் கண்ணாடிக் கனத்தின் அளவுக்குக் கோடுகள் சற்று மழுங்கி விழுந்திருக்கின்றன. சுள்ளென்ற வெயிலில் போட்டதால் அந்த மழுக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நின்றுவிட்டது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இடச்சாய்வுப் படம் மட்டும் விடியற்காலைப் பனியில் எடுத்தது போல இருந்தது.

"அப்போ அம்பாசமுத்திரத்துச் சுளகு?"

அவர் பதில் சொல்வதற்கு முன்பே மனைவி சொன்னார். "அன்னைக்கு ரயிலடியிலேருந்து வண்டியில வந்து பெட்டியை இறக்கையில ஒரு கண்ணாடி ஒடஞ்சு கிடந்துச்சே. நானுல்லா கூட்டி அள்ளினேன்."

"அது கோபுரம் எடுத்த தட்டுன்னு நினைச்சேன். எனக்குன்னு எடுத்தது. அதான் மிச்சத் தட்டை எண்ணிப் பார்க்காம விட்டுட்டேன்."

அண்ணாச்சி தமக்குள் மெதுவாகச் சொன்னார்: "நான் சொன்னது பொய்யில்லை. இடக்கைக்காரர் இருக்காரு."

முடிவு ஒன்றும் சிக்கலானதில்லை. இன்னும் வெள்ளிக்கிழமை வரவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு ரயில் இருக்கிறது. போட்டோக்காரர் மறுபடி போய் எடுத்துவர வேண்டியதுதான். தாசில்தாரிடம் உண்மையைச் சொல்லி, மூங்கில் சுளகு இல்லாமலே நூலைப் போடலாமே என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "மூங்கில் சுளகு இல்லாத கூடைப் பொஸ்தகமா? அவருதான கணு எங்கேன்னு கேட்டாரு. முதல்ல அதைத்தான் தேடுவாரு." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

திங்கட்கிழமை அவரை ரயிலேற்ற நானும் போனேன். பத்திரிகை வேலை இருந்ததால் உடன் போக முடியவில்லை. பெட்டியில் தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க நான் கொண்டுபோயிருந்த அந்த வாரத்து இதழ்களைத் திணித்தேன். "உம்ம பேப்பரு கடைசியா ஒரு பிரயோசனத்துக்கு வந்துச்சு," என்றார் அவர். ரயில் போன பிறகு அரைத் தம்ளர் காப்பி குடித்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தேன். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது. அவருக்கு வெயில் கிடைக்குமா என்ற நினைப்பு அன்று முழுக்க என்னை விடவில்லை.

மறுநாள் மாலை திரும்பி நேரே அச்சகத்துக்கு வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகம்.

"முதல்ல எடுத்த சுளகு ஆலங்குளம் சந்தைக்குப் போயிருச்சாம். வேற எங்கே கேட்டாலும் பழசு, சாணி மெழுகினது. மெழுகினா முடைச்சல் எங்கே தெரியும்? ஒரே ஒரு வீட்டுல புதுச் சுளகு கிடந்துச்சு."

"யார் வீட்டுல?"

"அண்ணாச்சி சொன்ன இடக்கைக்காரர் வீட்டுல."

அவர் முற்றத்தில் உட்கார்ந்து அந்த மனிதர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார். பட்டைகளை இடப்புறமிருந்து தொடங்கி, கத்தியை இடக்கையில் பிடித்து, எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலவே. இடக்கைக்காரர் எல்லாரும் அப்படிச் செய்வார்களா என்று கேட்டதற்கு, "எனக்கு எப்படித் தெரியும், நான் ஒருத்தன்தான் இருக்கேன்," என்றாராம். சுளகின் சாய்கோடுகள் வலமிருந்து இடமாகவே ஏறின. அதாவது, தாசில்தார் பார்த்து, தவறு என்று மேஜையில் வைத்த அந்தத் திரும்பிய படத்தைப் போலவே.

"இதை எவன்வே நம்புவான்?" என்றார். "வேற சுளகு கிடையாது. வெயிலும் இறங்குது. ரயிலையும் விட முடியாது."

"எடுத்தீரா?"

பெட்டியைத் திறந்து, இரவே அங்கே மருந்தில் கழுவிக் காயவைத்த தட்டைக் கையில் தந்தார். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். எதிர்ப்படத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறியிருந்தாலும் சுளகு தெரிந்தது. பக்க வெயில், ஒவ்வொரு சிம்பும் தனித்தனி. குறுக்கே கணுக்கள், ஒரே வரிசையில் அல்லாமல் சிம்புக்குச் சிம்பு மேலும் கீழுமாக. சுளகின் பக்கத்தில், சுவரில் ஆணியடித்து, நாங்கள் தட்டுகளுக்கிடையே திணித்த பத்திரிகையின் முதல் பக்கத்தை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்தார். புதிதாக வரி எழுதிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாழைப் பாயில் மடிப்பைத் தேடினார். மிளாற்றுக் கூடையில் முண்டைத் தேடினார். சிவப்புக் கரை என்ற வரியில் மட்டும் கொஞ்சம் நின்று, போட்டோக்காரர் காரணத்தைச் சொன்னதும், "என் மருமகள் படத்துலயும் அப்படித்தான்," என்றார். கடைசியாகச் சுளகுகளுக்கு வந்தார். மூங்கில் சுளகைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"கணு இருக்கு. சரி. ஆனா சாய்வு எதிர்ப்பக்கம் போகுதே. நம்ம பக்கத்துச் சுளகு இப்படிப் போகாது. தட்டைத் திருப்பிப் போட்டிருக்கீரா?"

அந்தச் சில நொடிகளில் போட்டோக்காரரின் இரண்டு கைகளும் வேஷ்டி முனையைப் பிடித்திருந்தன. நூல் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் தொங்கியது. ஆனால் அவர் நிதானமாகவே பேசினார்.

"ஐயா, பக்கத்துல உள்ள பேப்பரைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க."

தாசில்தார் வாசித்தார். பத்திரிகையின் பெயர் இடமிருந்து வலமாக, நேராகவே இருந்தது. எழுத்துகள் திரும்பியிருந்தால் அவரால் ஒரு வரிகூடப் படித்திருக்க முடியாது. பெயரை வாசித்தவர் நிறுத்தவில்லை. பூதக் கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கிப் பெயருக்குக் கீழே இருந்த பத்தியையும் உதடசைத்துப் படித்தார். ஆற்று வெள்ளத்தைப் பற்றி நான் எழுதிய செய்தி அது.

"படித்துறையில இத்தனை படி முழுகுச்சுன்னு எழுதியிருக்கீரே, எண்ணினீரா?"

"எண்ணினேன், ஐயா."

"நானும் எண்ணினேன். ஒரு படி குறையுது." படத்தைக் கட்டோடு சேர்த்து வைத்தார். "இடக்கைக்காரரா?"

"ஆமா ஐயா."

"வரியில அதையும் போடும்."

இவ்வளவுதான் நடந்தது. கட்டை எடுத்துக்கொண்டு அவர் போனதும் போட்டோக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு, "பைய வீட்டுக்குப் போகுதேன். அவ காத்துக்கிட்டு இருப்பா," என்று கிளம்பினார். அன்று மாலை நான் படித்துறைக்குப் போய்ப் படிகளை மறுபடி எண்ணினேன். வெள்ளம் இறங்கியிருந்ததால் யார் சொன்னது சரி என்பது தெரியவில்லை.

சில மாதங்களுக்குப் பின் நூல் வந்தது. சென்னையில் பிளாக் செய்தவர்கள் கோரைப் பாயின் மெல்லிய கோடுகளைப் புள்ளிகளாக்கியபோது, அந்தப் பக்கம் முழுவதும் அலை அலையாக, பட்டுத்துணி ஈரத்தில் நனைந்தது போல ஆகிவிட்டது. நாங்கள் இழை இழையாகப் பார்த்த பாயில் இப்போது ஓர் இழையும் தெரியவில்லை. தாழைப் பாயின் மடிப்பு பிழைத்தது. பஞ்சாரம் நன்றாகவே வந்திருந்தது. அண்ணாச்சி ஒரு பிரதி வாங்கித் தம் கடையில் வைத்து, பஞ்சாரப் பக்கத்தை மட்டும் திறந்தே வைத்திருந்தார் என்று கேள்வி.

மூங்கில் சுளகின் படத்துக்குப் பக்கம் முழுதாக ஒதுக்கியிருந்தார்கள். இடம் போதாமல் பத்திரிகைப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் எங்கள் பத்திரிகைப் பெயரின் கடைசி எழுத்தில் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுழியின் வளைவு எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பாதி எழுத்தே போதும்.

அந்தப் பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது. போட்டோக்காரர் தமக்குக் கிடைத்த பிரதியை வீட்டில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. கடைச் சுவரில், தம்பதிகளுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவில், சுளகுப் பக்கம் தெரியும்படி ஆணியில் மாட்டியிருந்தார். படம் எடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து, சுளகு ஏன் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்பார்கள். சுளகில் புடைக்கிறவர்கள்தானே, அவர்களுக்கு அது உடனே தெரியும். அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதி எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டுவார்.